‘7 நாளுக்குள்’ என்றால் எந்த நாளிலிருந்து?

குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பல, கடையில் பொடியாகத்தான் கிடைக்கின்றன. மருந்துக் கடைக்காரர்கள் அதை ட்ரை சிரப் என்பார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கினால் அது குடிக்கும் மருந்தாகிறது. கூடவே மடித்து வைத்திருக்கும் தாளில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்: ‘யூஸ் வித்இன் செவன் டேஸ்’. 7 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்.

எந்த நாளிலிருந்து 7 நாள்? வாங்கிய நாளிலிருந்தா, மூடியைத் திறந்த நாளிலிருந்தா, தண்ணீர் கலந்த நாளிலிருந்தா? அந்த வரியை எழுதியவர் மருந்தியல் படித்தவர். பொடியாக இருக்கும்வரை மருந்து பல மாதம் கெடாது, தண்ணீர் பட்டபின் மெல்லச் சிதையத் தொடங்கும் என்பது அவருக்குப் பாலபாடம். அதனால் அந்த வரியை வேறு விதமாகப் படிக்க முடியும் என்றே அவருக்குத் தோன்றாது. காய்ச்சல் விட்டதும் பாதிப் புட்டியை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த மாதம் இன்னொரு காய்ச்சலுக்கு அதையே தேடும் வீட்டை அவர் பார்த்திருக்க மாட்டார்.

இந்தத் தாள் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் எனப் பத்து மொழிகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மொழிபெயர்ப்பாளர்களும் இதே வரியில் தடுக்குவார்கள். ஒருவர் கேட்டு எழுதுவார். ஒருவர் ‘திறந்த 7 நாளுக்குள்’ என்று ஊகித்து எழுதுவார். இன்னொருவர் மயக்கத்தை அப்படியே தன் மொழிக்குக் கொண்டுபோவார். அச்சாகி வரும்போது ஒரே மருந்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு அறிவுரை இருக்கும். ஆங்கில மூலத்தை மட்டும் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்டவருக்கு இது தெரியவே வராது.

இதைத் தடுக்க, மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் முன்பே ஆங்கில மூலத்தை ஒருவர் உட்கார்ந்து திருத்துவதுதான் பிரீ-எடிட்டிங். முன்திருத்தம் என்று சொல்லலாம். மெய்ப்புப் பார்ப்பதும் நடையை மெருகேற்றுவதும் வேறு வேலைகள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத, படிக்க இதமான ஆங்கிலத்திலும் பொருள் மயக்கம் நிறைய இருக்கும். முன்திருத்துபவர் தேடுவது அதை மட்டுமே: எந்த வரியை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள முடியும், அந்த இரண்டில் எழுதியவர் சொல்ல வந்தது எது.

இதில் இரண்டாவது கேள்விக்கு முன்திருத்துபவர் தானே பதில் சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மயக்கத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. தீர்த்துவைப்பது, எழுதியவரின் அல்லது துறை அறிந்தவரின் வேலை. ஊகித்துத் திருத்தினால் நிலைமை முன்னைவிட மோசமாகும். திருத்துவதற்கு முன் பத்துப் பேரில் சிலராவது ‘இது என்ன?’ என்று கேட்டிருப்பார்கள். திருத்திய வாக்கியம் தெளிவாக இருப்பதால் யாரும் கேட்க மாட்டார்கள். தவறான செய்தி, பத்து மொழியிலும் தெளிவாகப் போய்ச் சேரும்.

எனவே கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். ‘இந்த வரி தெளிவாக இருக்கிறதா?’ என்று எழுதியவரிடம் கேட்டால், ‘இருக்கிறதே’ என்றுதான் பதில் வரும். அவருக்கு அது தெளிவுதான். ‘சற்று விளக்க முடியுமா?’ என்றால் மருந்தின் வேதியியல் பற்றி ஒரு பத்தி வரும். இரண்டு பொருளையும் எழுதி, எது என்று கேட்க வேண்டும். நம் 7 நாள் வரிக்குக் கேள்வி இப்படி இருக்கும்:

‘7 நாளைத் தண்ணீர் கலந்த நாளிலிருந்து எண்ண வேண்டுமா, மூடி திறந்த நாளிலிருந்தா? 3ஆம் தேதி காலை கலந்தால், கடைசியாகக் கொடுக்கக்கூடிய நாள் 9ஆம் தேதியா, 10ஆம் தேதியா? அதன்பின் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டுமா?’

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். கலந்த நாளையே முதல் நாளாக எண்ணினால் ஏழாம் நாள் 9ஆம் தேதி. மறுநாளிலிருந்து எண்ணினால் 10ஆம் தேதி. தேதி போட்டுக் கேட்டதால்தான் இந்த வேறுபாடு வெளியே வருகிறது. ‘கலந்த நாளிலிருந்து’ என்று மட்டும் திருத்திவிட்டு நிறுத்தியிருந்தால், ஒரு மயக்கம் போய் இன்னொன்று அங்கேயே இருந்திருக்கும். எழுதியவர், ‘கலந்த நாளிலிருந்து, 3ஆம் தேதி கலந்தால் 9ஆம் தேதியோடு சரி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்’ என்று பதில் தருவதாகக் கொள்வோம். அப்போது ஆங்கிலத்தில் அந்த ஒரு வரி மூன்று வரியாகும்: தண்ணீர் கலந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். அந்த நாளையும் சேர்த்து 7 நாள் மட்டும் இந்த மருந்தைக் கொடுங்கள். எட்டாம் நாள் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். வார்த்தை கூடிவிட்டது. ஆனால் பத்து மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரும் இனி யோசிக்க வேண்டியதில்லை.

இதே தாளில் வரக்கூடிய இன்னும் சில வரிகளைப் பார்க்கலாம். இங்கே நான் காட்டும் வரிகள் இந்தக் கட்டுரைக்காக நானே தொகுத்தவை. எந்த மருந்தின் அளவுக்கும் இவற்றை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம்.

ஆங்கிலத்தில் மயக்கம் மிகுதியாக ஒளிந்திருக்கும் இடம் நீண்ட பெயர்த்தொடர். தாளில் எச்சரிக்கைப் பகுதியில் ஒரு வாக்கியம்: ‘டூ நாட் கிவ் டு சில்ட்ரன் வித் ஆஸ்துமா ஆர் கிட்னி டிசீஸ் டேக்கிங் அதர் மெடிசின்ஸ் வித்அவுட் மெடிக்கல் அட்வைஸ்.’ ஆங்கிலத்தில் கண்ணோட்டமாகப் படித்தால் பொதுவாக ஏதோ எச்சரிக்கிறது என்று புரிந்துவிடும். ஆங்கிலம் குழந்தைகள் என்ற சொல்லை முதலில் வைத்துவிட்டு, அடைமொழிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தொங்கவிடுகிறது. எது எதோடு சேர்கிறது என்று அது சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அடை முன்னால் வர வேண்டும். ‘உள்ள’, ‘சாப்பிடும்’, ‘கேட்காமல்’ ஆகிய ஒவ்வொன்றையும் எந்தச் சொல்லுக்கு முன்னால் வைப்பது என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை எழுதவே முடியாது.

எழுதிப் பார்த்தால் மயக்கம் தெரியும். ‘ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கும், சிறுநீரக நோய்க்கு நடுவே வேறு மருந்து சாப்பிடும் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்’ என்பது ஒரு பொருள். இதில் வேறு மருந்து என்ற நிபந்தனை சிறுநீரக நோய்க்கு மட்டும். ‘ஆஸ்துமாவோ சிறுநீரக நோயோ இருந்து, வேறு மருந்தும் சாப்பிடும் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்’ என்பது இன்னொன்று. இதன்படி, ஆஸ்துமா இருந்தும் வேறு மருந்து சாப்பிடாத குழந்தைக்குத் தயங்காமல் கொடுக்கலாம். கடைசியில் வரும் ‘மருத்துவ ஆலோசனை இல்லாமல்’ என்பதும் இரண்டு இடத்தில் ஒட்டும். டாக்டரைக் கேட்காமல் இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள் என்றும் ஆகும். டாக்டரைக் கேட்காமல் வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்றும் ஆகும். இரண்டையும் இரண்டாலும் பெருக்கினால், ஒரே வாக்கியத்தில் நான்கு வெவ்வேறு எச்சரிக்கைகள்.

எழுதியவரைக் கேட்டால் ஐந்தாவதாக ஒன்று வரவும் கூடும்: ‘மூன்றும் தனித்தனி. ஆஸ்துமா இருந்தாலும் சரி, சிறுநீரக நோய் இருந்தாலும் சரி, வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் சரி, முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.’ மூல வாக்கியத்தின் எந்த வாசிப்பிலும் இந்தப் பொருள் நேராகக் கிடைக்காது. அவர் மனத்தில் இருந்தது இது. எழுத்தில் வந்தது வேறு. முன்திருத்தத்தில் இப்படி நடக்கும்போதுதான் இந்த வேலையின் பலன் முழுதாகத் தெரிகிறது, ஏனென்றால் இது மொழிபெயர்ப்பில் வரவிருந்த பிழை மட்டும் அல்ல, ஆங்கிலத்தில் படிப்பவரையும் தவறாக வழிநடத்தியிருக்கும் பிழை. திருத்திய வடிவில் முதலில் ‘கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், இந்த மருந்தைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்’ என்று ஒரு வாக்கியம் வரும். அதன்கீழ் மூன்று நிலைகளும் மூன்று தனி வரிகளாக நிற்கும். எந்த மொழிக்குப் போனாலும் அந்த மூன்று வரிகளை ஒன்றோடொன்று பிணைக்க வழி இருக்காது.

அடுத்தது அளவு. ‘கிவ் ஒன் டீஸ்பூன்’ என்று மூலத்தில் இருந்தால், எழுதியவர் எண்ணுவது 5 மி.லி. பெரிய ஸ்பூனான டேபிள்ஸ்பூன் 15 மி.லி. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. தமிழுக்கு வந்தால் இரண்டுமே ‘ஸ்பூன்’ ஆகும், அல்லது ‘கரண்டி’ ஆகும். கரண்டி என்றால் எங்கள் வீட்டில் குழம்பு ஊற்றுவது. மொழிபெயர்ப்பாளர் கவனமாக ‘தேக்கரண்டி’ என்றே எழுதினாலும், எந்த வீட்டிலும் தேக்கரண்டி 5 மி.லி. என்று அளந்து செய்யப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் குடிக்கும் மருந்துகளின் அளவை மில்லிலிட்டரில் மட்டுமே எழுத வேண்டும், ஸ்பூன் கணக்கை விட்டுவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஆங்கிலத்தில் படிக்கும் பெற்றோரை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆனால் முன்திருத்துபவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. ‘5 மி.லி., புட்டியோடு வந்த அளவுக் குப்பியில்’ என்று மூலத்திலேயே மாற்றச் சொல்லிக் கேட்கலாம். எண்ணும் அலகும் எல்லா மொழிக்கும் மாறாமல் போகும்.

‘மே’ என்ற சிறு சொல் வேறு விதமான தொல்லை. ‘தி மெடிசின் மே காஸ் லூஸ் மோஷன்’ என்ற வரியில் அது ‘நேரக்கூடும்’ என்று பொருள்படுகிறது. ‘தி மெடிசின் மே பி ஸ்டோர்ட் இன் தி ரெஃப்ரிஜரேட்டர்’ என்ற வரியில் ‘வைக்க அனுமதி உண்டு’ என்று பொருள்படுகிறது. இவற்றைப் பிரித்து அறிவது கடினமில்லை. தமிழில் ‘உண்டாகலாம்’, ‘வைக்கலாம்’ என்று இரண்டும் ‘லாம்’ என்றே முடிவதால் மொழிபெயர்ப்பாளர் சிரமமே இல்லாமல் தாண்டிப் போய்விடுவார். சிக்கல் அங்கேதான். ஃப்ரிட்ஜில் வைப்பது ஒரு வசதியா, கட்டாயமா? சில ட்ரை சிரப்களைக் கலந்தபின் குளிர்ச்சியிலேயே வைத்தாக வேண்டும். சிலவற்றை வெளியே வைத்தாலும் கெடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இந்த ஒரு சொல்லில்தான் முடிவு இருக்கிறது. மொழிபெயர்ப்பு ஓட்டமாகப் போகிற இடத்தில் மயக்கம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மொழிக்கும் ஒரே மயக்கம் பொதுவாக இருந்தால் ஓட்டம் தடைபடாது; ஆபத்து மட்டும் கடந்து போய்விடும். ஆகவே முன்திருத்துபவர் மொழிபெயர்ப்பாளர்களின் கேள்விகளுக்குக் காத்திருக்க முடியாது. கேள்வி வராத இடத்தையும் அவர் பார்க்க வேண்டும்.

செயப்பாட்டு வினையும் அப்படித்தான். ‘தி டோஸ் ஷுட் பி செக்ட் பிஃபோர் கிவிங்.’ அளவைச் சரிபார்க்க வேண்டும். யார்? பெற்றோரா, நர்ஸா, கடைக்காரரா? தெளிவான ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் பலரும் செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றச் சொல்வார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர் அதை மனத்தில் வைத்து, ‘செக் தி டோஸ்’ என்று பெற்றோரைப் பார்த்துச் சொல்வதுபோல் மாற்றிவிடுவார். வாக்கியம் அழகாகிவிட்டது. ஆனால் யார் பொறுப்பு என்பதை அவர் தன் கையால் தீர்மானித்துவிட்டார். செய்பவர் யார் என்று தெரியாதவரை செயப்பாட்டு வினையை அப்படியே விட்டு, கேள்வியை எழுதி வைப்பதுதான் முறை.

இந்த இடத்தில் விமானத் துறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிந்தனையை மிகவும் கட்டுப்பாடாகச் செய்து பார்த்தது அவர்கள்தான். 1970களின் இறுதியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் விமானத் தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தன. பராமரிப்புக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைப் படித்து வேலை செய்யும் மெக்கானிக்குகளில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அந்தக் கையேடுகளை எளிய, ஒரே பொருள் தரும் ஆங்கிலத்தில் எழுத முடியுமா என்பதுதான் கேள்வி. அதன் விளைவாக 1986இல் ஒரு வழிகாட்டி வெளிவந்தது. இன்று அது ASD-STE100 என்ற பெயரில் வழங்குகிறது.

அதன் அடிப்படை விதி, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரே இலக்கண வகை. ‘ஃபால்’ என்றால் பூமியின் ஈர்ப்பால் கீழே விழுவது மட்டும்தான்; அழுத்தம் குறைகிறது என்று சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது; விதியைக் கடைப்பிடி என்று சொல்ல வேறு சொல்லைப் பயன்படுத்த வேண்டும். செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் வரக் கூடாது. விளக்க வாக்கியத்தில் 25. பெயர்ச்சொற்களை மூன்றுக்கு மேல் அடுக்கக் கூடாது. இந்த விதிகள் மொழிபெயர்ப்பாளருக்காக வந்தவை அல்ல. ஆனால் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிக்கும் மெக்கானிக் தடுமாறும் அதே இடங்களில்தான் மொழிபெயர்ப்பாளரும் தடுமாறுகிறார். அதனால் இவை முன்திருத்தத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

பெயர் அடுக்குக்கு விதி வைத்ததன் காரணம் தமிழில் எழுதுபவருக்கு உடனே புரியும். ‘நியூ பேஷண்ட் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்’ என்று ஆங்கிலம் நான்கு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடும். புதிது எது, நோயாளியா, படிவமா? தமிழில் ‘புதிய நோயாளிகளுக்கான பதிவுப் படிவம்’ என்றோ ‘நோயாளிகளைப் பதிவதற்கான புதிய படிவம்’ என்றோ உருபு போட்டுத்தான் எழுத முடியும். ஆங்கிலத்தில் ‘ஃபார்’, ‘ஆஃப்’ போன்ற இணைப்புச் சொற்களை மூலத்தில் திரும்பப் போட்டுவிட்டால் இந்த மயக்கம் தீரும்.

இந்த விதிகளைப் பார்த்து, முன்திருத்தம் என்றால் வாக்கியத்தைச் சுருக்குவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இருபது சொல்லுக்குள் அடக்கப் பார்த்து, இணைப்புச் சொற்களையும் சுட்டுச் சொற்களையும் வெட்டித் தள்ளுகிறார்கள். மூலம் தந்திபோல் ஆகிவிடும், மயக்கம் கூடிவிடும். மருந்துப் புட்டியில் இருக்கும் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ நான்கே சொல்தான். முதல் தடவை திறக்கும்போது மட்டும் குலுக்கினால் போதுமா, ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டுமா? குடிக்கும் மருந்தில் பொடி கரைவதில்லை, மிதக்கிறது. நேரம் ஆக ஆக அடியில் படியும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் குழந்தைக்கு நீர்த்த மருந்து போகும். புட்டியின் அடியில் இருப்பது கடைசி நாட்களில் அடர்ந்து போகும். ‘ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்பும்’ என்று இரண்டு சொல் கூட்டினால் இது தீர்ந்தது. நீளம் பிரச்சினையே இல்லை. ஒரு வாக்கியத்தில் எத்தனை முடிவை மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

வேலையை நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் எதையும் தொடாமல் முழுவதும் படிக்க வேண்டும். பின்னால் வரும் ஒரு வரி, முன்னால் உள்ள மயக்கத்தைத் தீர்த்துவைத்திருக்கக்கூடும். தெரியாமல் கேட்டால் எழுதியவரின் பொறுமை வீணாகும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு வாக்கியத்திடமும் நான்கு கேள்வி: யார், எதை, எப்போது, எவ்வளவு. இதில் ஒன்றுக்கு இரண்டு பதில் கிடைத்தால் அந்த வரிக்குக் குறி போட வேண்டும். ‘இட்’, ‘திஸ்’, ‘தே’ போன்ற சுட்டுச் சொல் வரும் இடமெல்லாம் அது எதைச் சுட்டுகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ‘மருந்தை அளவுக் குப்பியில் ஊற்றிக் கொடுங்கள். அதைக் கழுவி உலர வையுங்கள்’ என்றால் குப்பி என்று புரிகிறது. ‘மருந்தைப் புட்டியோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்’ என்பதிலும் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ‘கலந்த மருந்து மீதியிருந்தால் புட்டியையும் குப்பியையும் எடுத்து அதை அப்புறப்படுத்துங்கள்’ என்றால் எதை? பெயர்ச்சொல்லையே மறுபடி எழுதினால் ஆங்கிலம் கொஞ்சம் அலுப்பாக ஒலிக்கும். அந்த அலுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதேபோல் ஒரு பொருளுக்குத் தாள் முழுக்க ஒரே பெயர். முதல் பத்தியில் ‘பாட்டில்’, அடுத்ததில் ‘கன்டெய்னர்’, மூன்றாவதில் ‘வயல்’ என்று அழகுக்காக மாற்றி எழுதியிருந்தால், மூன்றும் ஒன்றா வேறா என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வழி இல்லை. மயக்கம் ஒருபுறம் இருக்க, செலவும் கூடும். மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள், முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து, அதே வாக்கியம் மறுபடி வந்தால் எடுத்துக் கொடுக்கும். ஒரு சொல் மாறினாலும் அது முழுதாகப் பொருந்தாது. அதனால் அடுத்த ஆண்டு தாளைப் புதுப்பிக்கும்போது, மயக்கம் இல்லாத பழைய வாக்கியத்தைத் தொடாமல் விட வேண்டும். அழகுபடுத்த ஆசைப்படக் கூடாது.

சரி, திருத்தியது போதுமா என்று எப்படி அறிவது? திருத்தியவருக்கே தெரியாது. நாலு முறை படித்த பிறகு அவரும் எழுதியவரைப் போலவே ஒரே பொருளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தாளை முன்பு பார்த்தே இராத இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த, வேறு வேறு தாய்மொழிக்காரர்களாக இருந்தால் நல்லது. தாளை மூடிவிட்டு, வீட்டில் என்ன செய்வீர்கள் என்று அவரவர் மொழியில் சொல்லச் சொல்ல வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்கக் கூடாது. ஒருவர் புட்டியில் பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடுவரை நிரப்புவதாகச் சொல்கிறார். மற்றவர் முதலிலேயே கோடுவரை ஊற்றுவதாகச் சொல்கிறார் என்றால், தண்ணீர் ஊற்றும் வரியில் இன்னும் ஒரு மயக்கம் இருக்கிறது. கலக்கும்போது நுரை வந்து மட்டத்தை உயர்த்திக் காட்டும் என்பதால், நுரை அடங்கியபின் கோட்டைப் பார்க்க வேண்டும். இதை மூலத்தில் ‘இஃப் நெசசரி’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு 5 மி.லி.யிலும் மருந்து கூடிவிடும்.

தீர்க்கக் கூடாத மயக்கமும் உண்டு. ஒப்பந்தங்களில் ‘நியாயமான காலத்துக்குள்’ என்பது போன்ற சொற்களை இரண்டு தரப்பும் பேசி, வேண்டுமென்றே நெகிழ்வாக விட்டிருப்பார்கள். முன்திருத்துபவர் அங்கே ‘30 நாளுக்குள்’ என்று போட்டால் ஒப்பந்தமே மாறிவிடும். அங்கே அவர் செய்ய வேண்டியது, இந்த நெகிழ்வு வேண்டுமென்றே வைத்தது, உங்கள் மொழியிலும் நெகிழ்வாகவே இருக்கட்டும் என்று மொழிபெயர்ப்பாளருக்கு எழுதி அனுப்புவது.

மருந்துத் தாளில் எதிர்ப்படும் தடை வேறு. அதன் ஆங்கில வாசகம் பெரும்பாலும் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றதாக இருக்கும். ஒரு காற்புள்ளியை நகர்த்தவும் அனுமதி வேண்டும். மயக்கம் கண்ணில் பட்டும் மூலத்தைத் தொட முடியாத இந்த நிலைமை இத்துறையில் அடிக்கடி வருவதுதான். அப்போது மூலத்தோடு இன்னொரு தாள் இணைத்து எல்லா மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். அதில் மூன்று கட்டம் போதும்: மூலத்தில் உள்ள வரி, அதை எப்படியெல்லாம் எடுத்துக்கொள்ளக்கூடும், மருந்து நிறுவனத்தில் பொறுப்பானவர் எழுத்தில் உறுதி செய்த பொருள் எது. உறுதி செய்தவரின் பதவியும் தேதியும் அதில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் யாராவது புதிதாக ஒரு கேள்வி கேட்டால், பதிலை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பாமல், அதே தாளில் சேர்த்துப் பத்துப் பேருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். வாசகத்தைப் புதுப்பித்து மறுபடி ஒப்புதல் கேட்கும் நேரம் வரும்போது, அந்தத் தாளில் உள்ள வரிகள்தான் முதலில் திருத்தத்துக்குப் போக வேண்டியவை.